பதில் எந்த மொழியில் வருகிறது?

இரணைமடுக் குளத்து நீரில் வயல் விளையும் ஊர்களில், கனகபுரம், உருத்திரபுரம், திருவையாறு என்று எங்கே போய் விசாரித்தாலும், வெளிநாட்டில் ஒரு பிள்ளையோ சகோதரமோ இல்லாத குடும்பத்தைக் காண்பது கடினம். போன பிள்ளைகளுக்குப் பிறந்த பிள்ளைகள் பேர்னிலும் ஒஸ்லோவிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் பள்ளிக்கூடம் போகிறார்கள். பின்னேரத்தில் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்கும்போது அம்மம்மா இங்கிருந்து "சாப்பிட்டனியோ அப்பு?" என்று கேட்பார். பிள்ளை சிரிக்கும், தலையாட்டும், "யா" என்று சொல்லும். பிறகு தாய் குறுக்கே வந்து, பிள்ளை சொல்ல வந்ததைத் தமிழில் சொல்லி முடிப்பார். "அவனுக்கு எல்லாம் விளங்கும், கதைக்கத்தான் மாட்டான்" என்ற வார்த்தையை இந்தப் பக்கத்து வீடுகளில் நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் பாதி ஆறுதலாகவும் பாதி கவலையாகவும்தான் அதைச் சொல்கிறார்கள்.

விளங்குவதற்கும் கதைப்பதற்கும் இடையில் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் தமிழை இழப்பது பற்றி நம்மிடையே நிறையப் பேசப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் அந்தப் பேச்சு உணர்வோடு தொடங்கி, 'தமிழ்ப் பள்ளிக்கு அனுப்புங்கள்' என்ற அறிவுரையோடு முடிந்துவிடும். பள்ளிக்கு அனுப்பியும் கதைக்காத பிள்ளைகள் ஏன் இத்தனை பேர் என்று கேட்டால்தான் விடயத்துக்குள் போகலாம்.

பள்ளிகள் குறைவில்லை. யேர்மனியில் தமிழாலயங்கள், பிரான்ஸில் தமிழ்ச்சோலைகள், நோர்வேயில் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம், சுவிற்சர்லாந்தில் தமிழ்க் கல்விச்சேவையின் பாடசாலைகள் என்று ஈழத்தமிழர் போய்ச் சேர்ந்த நாடெல்லாம் வார இறுதி வகுப்புகளை உண்டாக்கியிருக்கிறார்கள். போரும் வறுமையும் துரத்திய ஒரு சமூகம், இரவு வேலையும் பகல் வேலையும் செய்துகொண்டே, சொந்தக் காசில் பாடநூல் அடித்து, பரீட்சை நடத்தி இதைக் கட்டியெழுப்பியது பெரிய காரியம். கனடாவின் ஒன்ராரியோ மாகாணத்தில் அரசே இதற்கு இடம் கொடுத்தது. 1977ஆம் ஆண்டு தொடங்கிய மரபுமொழித் திட்டத்தின்படி, பெற்றோர் போதிய எண்ணிக்கையில் கேட்டால் பாடசாலைச் சபை வீட்டுமொழி வகுப்பு நடத்தும். வாரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் அதன் எல்லை. சுவீடனும் அதே 1977இல் வீட்டுமொழிக் கல்வியைச் சட்டமாக்கியது. டென்மார்க் மறுபக்கம் போனது. 2002இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயான மொழிகளுக்கு உள்ளூராட்சிகள் கட்டாயம் வகுப்பு நடத்தவேண்டும் என்ற கடமையை அது நீக்கிவிட்டது.

ஒன்ராரியோவின் அந்த இரண்டரை மணித்தியாலத்தை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறு வயதுப் பிள்ளை ஒரு நாளில் ஏறக்குறைய 14 மணித்தியாலம் விழித்திருக்கிறது என்று வைத்தால் வாரத்துக்கு 98 மணித்தியாலம். அதில் இரண்டரை என்பது நூறில் மூன்று பங்குகூட இல்லை. வருடத்தில் 40 வாரம் வகுப்பு நடந்தால் மொத்தம் 100 மணித்தியாலம். அதாவது வருடம் முழுக்கத் தவறாமல் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளை, தான் விழித்திருக்கும் ஒரே ஒரு வாரத்துக்குச் சமமான நேரத்தைத்தான் அங்கே செலவழிக்கிறது. அந்த நேரத்திலும் வகுப்பில் 15 பிள்ளைகள் இருந்தால், ஒரு பிள்ளை வாய் திறந்து கதைக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். எழுத்தைக் கற்பிக்க இந்த நேரம் போதும், சிலப்பதிகாரக் கதை சொல்லக்கூடப் போதும். கதைக்கும் மொழியை ஒரு பிள்ளைக்குள் வளர்க்க இது போதாது.

அயர்லாந்து இதற்கு அரசு அளவிலான சாட்சி. 1922இல் சுதந்திர அரசு அமைந்ததிலிருந்து ஐரிஷ் மொழியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கினார்கள். நூறு வருடமாக நாடு முழுக்க ஐரிஷ் படிக்கிறது. ஆனாலும் அது வீட்டில் அன்றாடம் பேசப்படும் மேற்குக் கரைப் பகுதிகள் சுருங்கிக்கொண்டே வந்தன. ஆட்சி, பாடத்திட்டம், சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் எல்லாம் இருந்தும் இந்த நிலை. மொழி கைவிட்டுப் போவதைத் திருப்புவது பற்றி 1991இல் புத்தகம் எழுதிய அமெரிக்க மொழியியலாளர் ஜோசுவா ஃபிஷ்மன் சொன்னதும் இதைத்தான். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வீட்டுக்குள் மொழி கைமாறும் படி உடைந்தால், மேலே உள்ள பள்ளி, பத்திரிகை, வானொலி என்ற படிகளால் அதை ஈடுசெய்ய முடியாது.

ஆகவே வீடு. வீட்டில் எப்படி என்பதற்குப் பெல்ஜியத்திலிருந்து ஓர் ஆய்வு இருக்கிறது. ஆனிக் டெ ஹௌவர் என்ற ஆய்வாளர் ஃபிளாண்டர்ஸ் பகுதியில், டச்சு தவிர வேறு மொழியும் புழங்கும் 1,899 குடும்பங்களிடம் யார் எந்த மொழியில் கதைக்கிறார்கள் என்று கேட்டு 2007இல் முடிவை வெளியிட்டார். தாய் தகப்பன் இருவரும் வீட்டில் தங்கள் மொழியை மட்டும் கதைத்த குடும்பங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 97 குடும்பங்களின் பிள்ளைகள் அந்த மொழியைக் கதைத்தார்கள். இருவரும் இரண்டு மொழியையும் கலந்து கதைத்த வீடுகளில் அது 79ஆகக் குறைந்தது. ஒருவர் டச்சு மட்டும், மற்றவர் இரண்டும் என்றால் 36தான். மொத்தமாகப் பார்த்தால், ஏதோவொரு வகையில் வீட்டில் வேற்றுமொழி கேட்டு வளர்ந்த பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்கினர் அதைக் கதைக்கவில்லை.

இந்த எண்களைக் கண்டு அவசரப்பட்டு மகிழவும் கூடாது. ஆய்வு கேட்டது 'பிள்ளை கதைக்கிறதா, இல்லையா' என்பதை மட்டும்தான். எவ்வளவு, எவ்வளவு நன்றாக என்பதை அது அளக்கவில்லை. இரண்டு சொல் சொல்லும் பிள்ளையும் இரண்டு மணி நேரம் கதைக்கும் பிள்ளையும் அதில் ஒன்றுதான். ஆனாலும் ஒரு செய்தி தெளிவாக இருக்கிறது. பிள்ளையின் வாயை முடிவு செய்வது பெற்றோர் என்ன விரும்புகிறார்கள் என்பதல்ல. வீட்டுக்குள் அவர்கள் தங்களுக்குள்ளும் பிள்ளையோடும் என்ன மொழியில் கதைக்கிறார்கள் என்பதே.

இனி ஒரு வீட்டுக்குள் போவோம். திருவையாற்று அம்மம்மா ஒருவரின் மகள் பேர்ன் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார். மகளும் மருமகனும் வன்னியில் பிறந்து வளர்ந்தவர்கள். வீட்டில் இருவரும் தமிழ்தான் கதைப்பார்கள். மூத்த பிள்ளை மூன்று வயதுவரை நல்ல தமிழ் கதைத்தது. சுவிஸில் பெரும்பாலான மாநிலங்களில் நான்கு வயதிலேயே பாலர் பாடசாலை கட்டாயமாகிவிடுகிறது. முதல் அரை வருடம் பிள்ளை அங்கே வாய் திறக்கவில்லை. அடுத்த அரை வருடத்தில் சுவிஸ் யேர்மன் வந்தது. ஐந்து வயதில் அது வீட்டுக்குள்ளும் வந்தது, முதலில் பெயர்ச்சொற்களாக. தண்ணீர் கேட்கும்போது "அம்மா, வாசர்" என்றது.

அந்த ஒரு சொல்லுக்குத் தாய் ஐந்து விதமாகப் பதில் சொல்லலாம். ஒஸ்லோவில் இருமொழிக் குழந்தைகளை ஆராய்ந்த எலிசபெத் லான்சா 1997இல் எழுதிய நூலில் பெற்றோரின் பதில்களை இப்படித்தான் வரிசைப்படுத்தினார். முதலாவது, விளங்காததுபோல "என்ன வேணும்?" என்று கேட்பது. இரண்டாவது, "தண்ணி வேணுமோ?" என்று ஊகித்துக் கேட்பது. மூன்றாவது, "ஓம், தண்ணி, இந்தா" என்று தமிழ்ச் சொல்லைத் தானே சொல்லிக்கொண்டு கொடுப்பது. நான்காவது, ஒன்றும் சொல்லாமல் தண்ணீரைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது. ஐந்தாவது, தானும் யேர்மனுக்கு மாறுவது. மேலிருந்து கீழே போகப் போக, பிள்ளை தமிழில் சொல்லவேண்டிய தேவை குறைகிறது.

நமது வீடுகளில் அநேகமாக நடப்பது நான்காவது. அதில் கோபமோ அலட்சியமோ இல்லை. வேலை முடிந்து களைத்து வந்த தாய்க்குப் பிள்ளை சொன்னது விளங்குகிறது. பிள்ளைக்குத் தாய் சொல்வது விளங்குகிறது. சமையல் அடுப்பில் இருக்கிறது. தாய் தமிழில் கேட்க, பிள்ளை யேர்மனில் பதில் சொல்ல, ஒருவரை ஒருவர் விளங்கிக்கொண்டு நாள் ஓடிவிடுகிறது. அப்படியே இரண்டு வருடம் ஓடினால், பிள்ளைக்குத் தமிழ் என்பது அம்மா தன்னிடம் கதைக்கும் மொழி. தான் கதைக்கவேண்டிய மொழி அல்ல. இந்த ஏற்பாடு ஏறத்தாழ ஏழு வயதுக்குள் உறுதியாகிவிடுகிறது. மொழி போன நாள் என்று ஒரு நாள் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

அப்படியானால் முதலாவது வழியைப் பிடித்தால் சரியா? மூன்று வயதில் அது வேலை செய்யும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அம்மா கடையில் யேர்மன் கதைப்பது தெரியும். விளங்காததுபோல நடித்தால் பிள்ளை கோபப்படும், அந்தக் கோபம் தமிழோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது வழியில் பிள்ளை "ஓம்" என்று மட்டும் சொல்லித் தப்பிவிடும். கொஞ்சம் மாற்றி, "தண்ணியோ, பாலோ?" என்று கேட்டால் பிள்ளை ஒரு தமிழ்ச் சொல்லைச் சொல்லியே ஆகவேண்டும். "பால்" என்று வந்ததும் கொடுத்துவிடலாம். பிழையாகச் சொன்னாலும் திருத்தவேண்டாம். சரியான வசனத்தைத் தாய் தானே சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போனால் போதும். மூன்றாவது வழியும் களைத்த நாளுக்கு நல்லதுதான். தமிழ்ச் சொல்லாவது காதில் விழுகிறது. பார்க்கச் சிறிய விடயம், ஆனால் ஒரு நாளில் இது முப்பது நாற்பது தடவை நடக்கும். வாரத்துக்கு இரண்டரை மணித்தியால வகுப்பு தரமுடியாத பயிற்சி இந்த முப்பது நாற்பது தடவைகளில் கிடைக்கிறது.

பிள்ளையின் தமிழ் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சில அடையாளங்களால் அறியலாம். வினைச்சொல்லைக் கவனியுங்கள். முதலில் கழன்று போவது பெயர்ச்சொல். அது பெரிய ஆபத்தில்லை, நாமும் 'பஸ்' என்கிறோம், 'ஃபோன்' என்கிறோம். பிறகு 'ஷ்பீலன் செய்யிறன்' என்று வரும். விளையாடுதல், வரைதல், ஓடுதல் எல்லாம் யேர்மன் சொல்லோடு ஒரு 'செய்' சேர்த்து வரத் தொடங்கினால், தமிழ் வினைகள் பிள்ளையின் கையிருப்பிலிருந்து போகின்றன என்று பொருள். அடுத்தது வேற்றுமை உருபு. "எனக்குப் பசிக்குது" என்ற பிள்ளை "நான் பசிக்கிறன்" என்று சொல்லும். பசி, விருப்பம், விளக்கம் எல்லாம் 'எனக்கு' என்று தொடங்கும் தமிழ் வசன அமைப்புப் பள்ளிமொழியின் அமைப்புக்கு இடம் கொடுக்கிறது. இந்தக் கட்டத்தில் தமிழை நிறையக் கேட்கவைத்தால் திரும்பிவரும். இதற்கு அப்பால் வருவது மௌனம்.

மரியாதைச் சொற்கள் தனியே சொல்லவேண்டியவை, ஏனென்றால் இவற்றால் உறவே கெடுகிறது. யேர்மனில் வீட்டுக்குள் தாத்தாவுக்கும் தம்பிக்கும் ஒரே 'நீ'தான். அதே பழக்கத்தில் பிள்ளை அப்பப்பாவிடம் "நீ என்ன செய்யிறாய்?" என்று கேட்கும். "அம்மம்மா வந்தவா" என்பதற்குப் பதில் "அம்மம்மா வந்தது" என்று வரும். இங்கே இருக்கும் பெரியவர்கள் முகம் சுருங்கிப்போகிறார்கள். மரியாதை தெரியாத பிள்ளை என்று பேச்சு வருகிறது. சிலர் சிரிக்கிறார்கள், அந்தச் சிரிப்பு இன்னும் மோசம். எட்டு வயதுப் பிள்ளை தன் தமிழைக் கேட்டு நாலு பேர் சிரித்ததை மறக்காது. அடுத்த அழைப்பில் அது திரைக்கு முன்னால் வராது. பெரியவர்கள் விளங்கவேண்டியது இதுதான்: பிள்ளை அவமதிக்கவில்லை, அது இரண்டு மொழிக்கும் ஒரே இலக்கணத்தைப் போட்டுப் பார்க்கிறது. "நீங்கள்" என்ற சொல்லை நாலு தடவை தாங்களே தாயோடு கதைக்கும்போது கேட்கவைத்தால் பிள்ளை பிடித்துக்கொள்ளும்.

'எல்லாம் விளங்கும்' என்பதையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்கவேண்டும். தாய் பிள்ளையோடு கதைக்கும் தமிழ் சாப்பாடு, குளிப்பு, உடுப்பு, பள்ளி என்ற சிறிய வட்டத்துக்குள் சுற்றுவது. கையசைவும் முகபாவமும் பாதி அர்த்தத்தைச் சொல்லிவிடும். திருவையாற்றிலிருந்து அப்பப்பா கை அசைக்காமல் இப்படிச் சொல்லட்டும்: "குளத்தில இப்ப முப்பது அடி தண்ணி நிக்குது. முப்பத்தாறு அடி வந்தா வான்கதவு திறக்கவேணும்." பிறகு, இன்னும் எத்தனை அடி வரவேண்டும் என்று பிள்ளையிடம் கேளுங்கள். ஆறு என்று வந்தால் விளக்கம் உண்மையாகவே இருக்கிறது. விழித்தால், விளங்குவது அம்மாவின் சமையலறைத் தமிழ் மட்டும்தான்.

இன்னொரு அடையாளம், பிள்ளைகள் தங்களுக்குள் எந்த மொழியில் கதைக்கிறார்கள் என்பது. மூத்தது பள்ளிக்குப் போகும்வரை இளையதோடு தமிழில் விளையாடும். போன பிறகு யேர்மனில் விளையாடும். இதனால்தான் அநேக வீடுகளில் மூத்த பிள்ளை கதைக்கும், இரண்டாவது சமாளிக்கும், மூன்றாவதுக்கு விளங்க மட்டும் செய்யும். பெற்றோர் மூன்று பேரிடமும் ஒரேமாதிரித்தான் நடந்துகொண்டிருப்பார்கள். இளையவர்களுக்கு அண்ணன், அக்கா மூலமாகப் பள்ளிக்கூடம் வீட்டுக்குள் நாலு வருடம் முந்தி வந்துவிட்டது. அண்ணன் தம்பி விளையாட்டில் 'தமிழில் கதையுங்கோ' என்று கட்டளை போட்டு வென்ற பெற்றோரை நான் கண்டதில்லை. இரவில் ஒருவருக்குக் கதை சொல்லும்போது மற்றவரும் இருக்கவேண்டும், சாப்பாட்டு மேசையில் எல்லோரும் தமிழ் என்று வைத்துக்கொண்ட வீடுகளில் ஓரளவு தாங்கியிருக்கிறது.

இனி, தமிழ்ப் பள்ளியிலிருந்து வரும் ஒரு சிக்கல். ஈழத்தமிழ்ப் பிள்ளை வீட்டில் கேட்பது "போறன்", "வந்தனான்", "கதைக்கிறன்". சனிக்கிழமை பாடநூலில் அது காண்பது 'செல்கிறேன்', 'வந்தேன்', 'உரையாடுகிறேன்'. யாரும் கதைக்காத ஒரு தமிழில் பிள்ளை வாசித்துப் பரீட்சை எழுதிப் பரிசு வாங்குகிறது. அம்மம்மாவோடு ஐந்து நிமிடம் கதைக்க முடியவில்லை. மொன்றியல் தமிழர்களிடையே ஆய்வு செய்து 2016இல் நூல் எழுதிய சோனியா தாஸ் இதன் சமூகப் பின்னணியைக் காட்டினார். அங்கே இலங்கைத் தமிழர் செந்தமிழைத் தங்கள் அடையாளமாகப் பிடித்துக்கொண்டு அதையே பிள்ளைகளுக்குக் கற்பிக்க, இந்தியத் தமிழர் பேச்சுத் தமிழை முன்னிறுத்தினார்கள். எழுத்துத் தமிழை நாம் இப்படிப் போற்றுவதன் காரணம் விளங்குகிறது. நூலகம் எரிந்த, நாடு கலைந்த ஒரு மக்கள் தூய தமிழைக் காப்பாற்ற நினைத்தார்கள். அந்த நினைப்பில் தவறில்லை, வரிசையில்தான் தவறு.

பேர்ன் பிள்ளையே இதற்கு விடை தருகிறது. அது பாலர் பாடசாலையில் சுவிஸ் யேர்மன் கதைக்கிறது. ஏழு வயதில் எழுத்து யேர்மன் வேறு என்று கற்றுக்கொள்கிறது. இரண்டுக்கும் இடையே இலக்கணமும் உச்சரிப்பும் வெகுவாக மாறும். அந்த நாட்டுப் பிள்ளைகள் பேச்சு முதல், எழுத்து பிறகு என்ற வரிசையில் இரண்டையும் சுமக்கிறார்கள், யாரும் குழம்பிப்போகவில்லை. தமிழிலும் பேச்சுவழக்கும் எழுத்துவழக்கும் வேறாக இருப்பது பிள்ளைக்குப் பாரமில்லை. பேச்சு ஊன்றுமுன்னே எழுத்து வழக்கைத் திணிப்பதுதான் பாரம். முதல் இரண்டு வருட வகுப்பில் "போறன், வாறன்" என்றே கதை சொல்லி, நாடகம் ஆடி, ஊர்க் கதை கேட்டு, அந்தப் பேச்சை அப்படியே எழுதவும் வாசிக்கவும் விட்டு, மூன்றாம் வருடம் 'போகிறேன்' எழுதக் கற்பித்தால் பிள்ளை தான் ஏற்கெனவே கதைக்கும் மொழியை வாசிக்கும். இதைச் சில ஆசிரியர்கள் தாங்களாகவே செய்கிறார்கள். பாடத்திட்டமும் பரீட்சையும் அவர்களுக்கு இடம் கொடுப்பதில்லை.

பெற்றோரை மட்டும் குற்றம் சொல்லி முடிக்க முடியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்துப் பிறகு அமெரிக்கா சென்ற மொழியியலாளர் சுரேஷ் கனகராஜா, இலண்டன், ரொறன்ரோ, கலிபோர்னியா ஈழத்தமிழ்க் குடும்பங்களைப் பார்த்து 2008இல் எழுதிய கட்டுரை இங்கே முக்கியமானது. குடும்பம் தனித் தீவு அல்ல என்பதுதான் அதன் வாதம். ஊரில் ஆங்கிலத்துக்கு இருந்த மதிப்பு, சாதி அடுக்கிலிருந்து வெளியேற ஆங்கிலம் கொடுத்த வழி, புதிய நாட்டில் வேலை, பெரியவர்களின் சொல் செல்லாமல் போனது, எல்லாம் சமையலறைக்குள் வந்து எந்த மொழியில் கதைப்பது என்பதைத் தீர்மானிக்கின்றன. இதோடு இன்னொன்றும் சேரும். பிள்ளை பள்ளியில் பின்தங்கினால், வீட்டில் பள்ளிமொழியைக் கதையுங்கள் என்று ஆசிரியர்களே பெற்றோருக்குச் சொல்லிய காலம் ஒன்று இருந்தது. இன்னும் சில இடங்களில் சொல்கிறார்கள். தாய் தான் தொழிற்சாலையிலும் வைத்தியசாலைச் சமையலறையிலும் பொறுக்கிக்கொண்ட அரைகுறை யேர்மனில் பிள்ளையோடு கதைக்கத் தொடங்குவார். பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்காத யேர்மன் எதுவும் அதில் இல்லை. தாய்க்கோ சொல்ல நினைப்பதைச் சொல்ல முடியாது. கோபம், பயம், அறிவுரை எல்லாம் பத்து வார்த்தைக்குள் அடங்கிவிடும். 1991இல் லிலி வோங் ஃபில்மோர் அமெரிக்கக் குடியேறிகளின் சிறு பிள்ளைகளைப் பற்றி எழுதியதும் இந்த இழப்பைத்தான்: பள்ளிமொழி சீக்கிரம் உள்ளே வந்து வீட்டுமொழி வெளியே போனால், பெற்றோர் பிள்ளையை வளர்க்கும் கருவியையே இழக்கிறார்கள். பதினைந்து வயது மகனோடு மனம்விட்டுக் கதைக்க மொழியில்லாத தகப்பன்மார் எனக்குத் தெரிந்தவர்களிலேயே இருக்கிறார்கள்.

காலம் எவ்வளவு என்பதற்குத் தென்னாபிரிக்கா ஒரு கணக்கு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் நேற்றாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் மொழிகளில் ஒன்று தமிழ். கரும்புத் தோட்டத்தில் கூடி வாழ்ந்ததால் அது தலைமுறைகள் தாண்டி நின்றது. ஆங்கிலப் பள்ளிக்கூடம் எல்லாப் பிள்ளைகளையும் எட்டிய பிறகு வீட்டு மொழி ஆங்கிலமானது. காவடியும் கோயில் பாட்டும் இன்றும் அங்கே இருக்கின்றன. வீட்டில் தமிழ் கதைப்பவர்கள் அரிது. நமது பிள்ளைகள் நான்கு வயதிலேயே பள்ளிக்குப் போகிறார்கள், பக்கத்து வீட்டில் தமிழர் இல்லை, குடும்பமும் சிறியது. அவர்களுக்கு நூறு வருடம் எடுத்தது இவர்களுக்கு ஒரு தலைமுறையில் நடக்கிறது. பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளும் தமிழ் கதைப்பார்கள் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். இப்போது ஐந்து வயதில் இருக்கும் பிள்ளை தன் அம்மம்மாவோடு கதைப்பது மட்டும் நம் கைக்குள் இருக்கிறது.

அதில் இரணைமடுவுக்கு ஒரு பங்கு உண்டு. பிள்ளைக்குத் தமிழ் தேவைப்படும் ஒரே ஆள், வேறு மொழி தெரியாத ஆள்தான். அம்மாவிடம் யேர்மன் செல்லும், அம்மம்மாவிடம் செல்லாது. பேர்ன் வீட்டில் நடந்த மாற்றமும் அங்கிருந்துதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடிக் கையசைக்கும் அழைப்பை அவர்கள் விடவில்லை. அதற்கு மேலாக, கிழமைநாளில் பள்ளி விட்டு வந்ததும் பிள்ளையும் அம்மம்மாவும் மட்டும் கதைக்கும் பத்து நிமிடத்தை வைத்தார்கள். அங்கே மாலை நான்கு மணி என்றால் இங்கே பனிக்காலத்தில் இரவு எட்டரை, கோடையில் ஏழரை. ரொறன்ரோப் பிள்ளைக்கு அது பொருந்தாது. சனிக்கிழமை காலை ஒன்பது மணி அங்கே சரியாக வரும், இங்கே மாலை ஆறரை அல்லது ஏழரை. தாய் பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்கக்கூடாது என்பது ஒரே விதி. முதல் சில வாரம் சிரமமாக இருந்தது. இரண்டு பக்கமும் நிறைய மௌனம். 'சாப்பிட்டனியோ, படிச்சனியோ' என்பதற்கு ஓம், இல்லை என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. மழைக்காலத்தில் அம்மம்மா குளத்தின் நீர்மட்டத்தைச் சொல்லத் தொடங்கியபோதுதான் கதை நீண்டது. இன்று எத்தனை அடி, எத்தனை கதவு திறந்தது, பதினான்கும் திறந்தால் தண்ணி எங்கே போகும், வயலுக்குள் வருமா, மாடுகளை எங்கே கட்டுவீர்கள் என்று பிள்ளை கேட்டது, முதலில் பாதி யேர்மனிலும் பிறகு முழுக்கத் தமிழிலும். அம்மம்மாவுக்கு மட்டுமே தெரிந்த, பிள்ளை உண்மையாகவே அறிய விரும்பிய ஒரு விடயம் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் அது வேறாக இருக்கும். ஒரு பிள்ளைக்குக் கோழிக்குஞ்சு, இன்னொன்றுக்குத் தாத்தாவின் உழவு இயந்திரம்.

கோடை விடுமுறைக்கு வந்து நான்கு கிழமை நிற்கும்போது மொழி வேகமாகத் திரும்பும், குறிப்பாக விளக்கம் இருந்து வாய் மட்டும் மூடிய பிள்ளைகளுக்கு. ஆனால் இங்கே ஒரு தடை இருக்கிறது, அது நம்முடையது. கிளிநொச்சியில் படிக்கும் மச்சான், மச்சாள் பிள்ளைகளுக்கு வந்தவர்களோடு ஆங்கிலம் பழக ஆசை. மாமிமாரும் "இங்கிலீசில கதையுங்கோ பிள்ளை, இதுகளும் படிக்கட்டும்" என்று ஊக்கப்படுத்துகிறார்கள். வந்த பிள்ளை நாலு கிழமையும் ஆங்கிலம் கதைத்துவிட்டுப் போகிறது.

ஆகவே கேட்பது மூன்று பேரிடம். வெளியில் இருக்கும் பெற்றோர் பள்ளிமொழியில் வரும் பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், கோபிக்காமல், ஒரு தமிழ்ச் சொல்லாவது வரும்வரை ஒரு கணம் பொறுக்கட்டும். தமிழ்ப் பள்ளிகளை நடத்துபவர்கள் முதல் இரண்டு வகுப்பின் பரீட்சையை வாய்மொழியாக, நம் பேச்சுத் தமிழிலேயே வைக்கட்டும். இங்கே இருக்கும் நாங்கள், ஓகஸ்டில் பிள்ளைகள் வந்து இறங்கும்போது அவர்களோடு ஆங்கிலம் கதைப்பதை நிறுத்துவோம். அவர்களைச் சைக்கிளில் குளக்கட்டுக்குக் கூட்டிப் போங்கள், கடைக்குத் தனியே அனுப்புங்கள், பிழையாகக் கதைத்தால் சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.